கொழுந்து வரவுக்கு இரண்டு கணிப்பு: கிலோவில் ஒன்று ஜெயித்தது, சதவீதத்தில் மற்றது ஜெயித்தது

பண்டாரவளைப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை பெக்டரியில் எனக்கு ஒபிஸ் வேலை. பெக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கித்தான் ஓடுகிறது. ஜூன் கடைசியில் ஒரு தடவை, டிசம்பர் கடைசியில் ஒரு தடவை, அடுத்த ஆறு மாதத்துக்கு மாதாமாதம் எவ்வளவு கொழுந்து வரும் என்று ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். விறகுக்காரருக்குச் சொல்வது, லொறி வாடகை பேசுவது, கொழுந்து வாட்டும் மாடிக்கு ஆள் போடுவது எல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் நடக்கும்.

இங்கே காலங்காலமாக இருக்கும் வழி ஒன்று. முந்தின வருடம் அதே மாதம் எவ்வளவு வந்ததோ, அதையே எழுதுவது. இதை முதல் முறை என்று வைத்துக்கொள்வோம். நான் முயற்சி பண்ணிப் பார்க்க நினைத்தது இரண்டாம் முறை: அதே எண்ணை எடுத்து, இந்த வருடம் இதுவரை போகும் போக்குக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது. எது நல்லது என்று வாயால் பேசிக்கொண்டிருக்காமல், முடிந்துபோன ஜூலை முதல் டிசம்பர் வரையான ஆறு மாதத்தை ஒளித்து வைத்துவிட்டு, ஜூன் 30இல் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்போமோ அதை இரண்டு முறையிலும் எழுதி, பிறகு உண்மையான வரவோடு ஒப்பிட்டேன். கிடைத்த விடை நேராக இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் லெட்ஜர். பழைய பக்கங்கள் நிறைய இருந்தாலும் 2021, 2022 இரண்டையும் தொடவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், அதன் பலன் அடுத்த வருடம் செடியில் தெரிந்தது. நாடு முழுவதும் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு இறங்கியது. அப்படிப்பட்ட வருடத்தை "முந்தின வருடம் அதே மாதம்" என்று அடிப்படையாக வைத்தால் எந்த முறையும் தோற்கும், அதில் ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே நிலைமை திரும்பிய பிறகு வந்த பக்கங்கள் மட்டும்.

ஒளித்து வைப்பது என்றால் வெறுமனே பார்க்காமல் இருப்பது மட்டும் போதாது. இரண்டாம் முறைக்கு ஒரு பெருக்கும் எண் தேவை, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஏமாற்று நுழையும். நான் எடுத்தது ஏப்ரல், மே, ஜூன். முந்தின வருடம் அந்த மூன்று மாதத்திலும் சேர்த்து 3 இலட்சம் கிலோ, இந்த வருடம் 3 இலட்சத்து 45 ஆயிரம். ஆகவே 345ஐ 300ஆல் வகுத்து 1.15. மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் எடுத்தால் வேறு எண் வரும். இரண்டையும் ஒளித்த மாதங்களில் போட்டுப் பார்த்து, நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு "சோதனையில் பாஸ்" என்று சொல்லலாம்தான், ஆனால் அந்த நிமிடமே அந்த மாதங்கள் ஒளித்த மாதங்களாக இல்லாமல் போய்விடும். மூன்றா ஆறா என்பதை அதற்கு முந்திய பக்கங்களை வைத்தே முடிவு பண்ணிவிட்டுத்தான் கீழே உள்ள அட்டவணைக்கு வந்தேன்.

இன்னொரு நியாயமும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே நாளில் நின்று கணிக்க வேண்டும். ஒன்று ஜூன் கடைசியிலிருந்தே டிசம்பரைச் சொல்ல, மற்றது நவம்பர் வரவைப் பார்த்துவிட்டு டிசம்பரைச் சொன்னால், பின்னது ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை. எங்கள் தாள் ஆறு மாதத்துக்கும் ஒரே நாளில் எழுதப்படுவதால், இரண்டையும் ஜூன் 30இலேயே நிறுத்தினேன்.

எல்லாம் ஆயிரம் கிலோவில், முழு எண்ணாக்கியது:

| மாதம் | உண்மை வரவு | முதல் முறை | இரண்டாம் முறை |
|---|---|---|---|
| ஜூலை | 58 | 60 | 69 |
| ஆகஸ்ட் | 30 | 40 | 46 |
| செப்டெம்பர் | 25 | 40 | 46 |
| ஒக்டோபர் | 90 | 80 | 92 |
| நவம்பர் | 141 | 120 | 138 |
| டிசம்பர் | 111 | 100 | 115 |

ஊவாவைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறட்டி எடுக்கும், கொழுந்து குறையும், வருவது வாசனையாக இருக்கும், கொழும்பு ஏலத்தில் நல்ல விலைக்கும் போகும். விலை நல்லதாக இருக்கிற அந்த மாதங்களில், ஒரு கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடக் கொடுக்கிற பெக்டரிக்குக் கொழுந்து ஓடிவிடும் என்பதும் எங்களைப் போன்ற வாங்கும் பெக்டரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒக்டோபர் மழை விழுந்ததும் எல்லாம் மாறும்.

சரி, இப்போது பிழைக் கணக்கு. உண்மை வரவு B நிரலில், முதல் முறை C நிரலில், இரண்டாம் முறை D நிரலில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் முறைக்கு:

```
=SUMPRODUCT(ABS(C2:C7-B2:B7))/COUNT(B2:B7)
=SUMPRODUCT(ABS(C2:C7-B2:B7)/B2:B7)/COUNT(B2:B7)
```

மேலே இருப்பது சராசரி தனிப்பிழை. ஒவ்வொரு மாதமும் எத்தனை கிலோ தவறினோம், கூடவா குறையவா என்று பார்க்காமல், அதன் சராசரி. கீழே இருப்பது சராசரி சதவீதப் பிழை. அதே தவறலை அந்த மாதத்து உண்மை வரவால் வகுத்துவிட்டுச் சராசரி எடுப்பது. இரண்டாம் முறைக்கு C வரும் இடமெல்லாம் D.

முதல் முறையில் தவறல்கள் ஜூலையிலிருந்து வரிசையாக 2, 10, 15, 10, 21, 11. கூட்டினால் 69, ஆறால் வகுத்தால் 11.5, அதாவது மாதத்துக்குச் சராசரியாகப் பதினோராயிரத்து ஐந்நூறு கிலோ. இரண்டாம் முறையில் 11, 16, 21, 2, 3, 4. கூட்டினால் 57, சராசரி 9.5. ஆக இரண்டாம் முறைக்குத்தான் வெற்றி என்று எழுந்துவிடலாம்.

சதவீதத்தில் முதல் முறைக்கு 22.1, இரண்டாம் முறைக்கு 27.4. இப்போது முதல் முறை ஜெயித்துவிட்டது, அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை.

எண்கள் அதேதான், மாதங்களும் அதேதான். எங்கே திரும்புகிறது என்று மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தால் உடனே தெரியும். செப்டெம்பரில் இரண்டாம் முறை 21 ஆயிரம் கிலோ தவறியது. வந்ததே 25 ஆயிரம் என்பதால் அது 84 சதவீதம். நவம்பரில் முதல் முறை தவறியதும் அதே 21 ஆயிரம் கிலோதான், ஆனால் 141ஆல் வகுபடுவதால் 15 சதவீதம்தான். கிலோக் கணக்கில் ஒரே அளவுத் தவறுகள், சதவீதக் கணக்கில் ஒன்றுக்கு மற்றதைப் போல ஐந்தரை மடங்கு பாரம். ஆகஸ்ட், செப்டெம்பர் இரண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் முதல் முறைக்கு 9.8 சதவீதம், இரண்டாம் முறைக்கு 6.7. அதாவது ஆறு மாதத்துக்கான தீர்ப்பு என்று நினைத்தது உண்மையில் கொழுந்து மிகக் குறைந்த இரண்டு மாதங்களின் தீர்ப்பு. ஒரு மாதம் பெக்டரி மூடியிருந்து வரவு பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பாருங்கள். கலத்தில் `#DIV/0!` என்று வந்து நிற்கும், கணக்கே கிடையாது.

இதைவிடத் தந்திரமான ஒரு சங்கதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சதவீதப் பிழை, கூடுதலாக எழுதுகிறவனைக் கடுமையாகவும் குறைத்து எழுதுகிறவனை இலேசாகவும் தண்டிக்கும். குறைத்து எழுதினால் எவ்வளவு மோசமாகப் போனாலும் நூறு சதவீதம்தான் எல்லை, ஏனென்றால் கணிப்பைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்க முடியாது. கூட எழுதினால் எல்லையே இல்லை. இது ஏட்டுப் பேச்சா என்று பார்க்க, முதல் முறையின் எண்களை எந்தக் காரணமும் இல்லாமல் பத்துச் சதவீதம் வெட்டினேன்: 54, 36, 36, 72, 108, 90. கிலோவில் சராசரி தனிப்பிழை 11.5இலிருந்து 15.5க்கு ஏறியது, அதாவது கணிப்பு மூன்றில் ஒரு பங்கு மோசமானது. சதவீதப் பிழையோ 22.1இலிருந்து 22.2. அசையவே இல்லை. பெரிய மாதங்களில் வெட்டியதால் வந்த நட்டத்தை, ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் வெட்டியதால் வந்த இலாபம் மூடிவிட்டது. சதவீதத்தை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர், தனக்கே தெரியாமல் எப்போதும் குறைத்துச் சொல்லும் முறையைத் தேர்ந்தெடுக்க இதுதான் காரணம்.

சதவீதம்தான் மேலே இருப்பவர்களுக்குப் புரிகிறது, "9.5 ஆயிரம் கிலோ தவறும்" என்றால் அது பெரிதா சின்னதா என்று கேட்கிறார்கள் என்றால் அதற்கும் வழி உண்டு. மாதாமாதம் வகுக்காமல், தவறல்களையெல்லாம் கூட்டி, மொத்த வரவால் ஒரே தடவை வகுத்துவிடுங்கள்.

```
=SUMPRODUCT(ABS(C2:C7-B2:B7))/SUM(B2:B7)
```

மொத்த வரவு 455. முதல் முறைக்கு 15.2 சதவீதம், இரண்டாம் முறைக்கு 12.5. ஒரே மாதங்களை ஒப்பிடும்போது இது கிலோக் கணக்கோடு ஒருபோதும் முரண்படாது, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே வகுக்கும் எண். ஒரு பூச்சிய மாதம் இருந்தாலும் உடையாது.

இந்தத் தாளை மாடிக்குக் கொண்டுபோய் டீமேக்கர் அண்ணனிடம் காட்டினேன். அவருக்குச் சதவீதம் எதிலும் அக்கறையில்லை, நவம்பர் வரியில் விரலை வைத்தார். "தம்பி, இந்த இருபத்தோராயிரம் கிலோவ நான் எங்க பரப்புறது?" அவர் கேள்வி நியாயமானது. வாட்டும் தொட்டிகளின் கொள்ளளவு கிலோவில்தான் இருக்கிறது. முந்தின வருடத்து எண்ணை நம்பி ஆளையும் விறகையும் போட்டிருந்தால், நவம்பரில் சில நாட்கள் கொழுந்து சாக்கிலேயே கிடந்திருக்கும். சாக்கில் அமுங்கிக் கிடக்கும் கொழுந்து சில மணி நேரத்தில் உள்ளே சூடேறும், கையை விட்டுப் பார்த்தாலே தெரியும், இலை ஓரம் சிவக்கத் தொடங்கிவிட்டால் அதில் நல்ல தூள் வராது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால், 21 ஆயிரம் கிலோ கொழுந்து நாலாயிரத்து அறுநூறு கிலோ தூளுக்கும் மேல்.

ஆனால் லொறிக் கணக்கைப் பார்ப்பவருக்கு வலி வேறு பக்கம். வாடகை லொறிக்கு மாதத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று குறைந்தபட்சம் பேசியிருப்போம். செப்டெம்பரில் 46 ஆயிரம் கிலோ வரும் என்று பேசிவிட்டு 25 ஆயிரம் வந்தால், நின்ற லொறிக்கும் காசு. அவருக்குக் கூடுதலாக எழுதுவதுதான் நட்டம்.

அதனால் கூடவும் குறையவும் போனதைத் தனித்தனியாகக் கூட்டினேன். முதல் முறை மொத்தம் 27 ஆயிரம் கிலோ கூடச் சொல்லியிருக்கிறது, 42 ஆயிரம் குறைத்துச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் முறை 54 கூட, 3 மட்டுமே குறைய. சராசரி தனிப்பிழை இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்துவதால் இது அதில் தெரியாது. ஒரு கிலோ குறைத்துச் சொல்வதால் வரும் நட்டமும் ஒரு கிலோ கூடச் சொல்வதால் வரும் நட்டமும் சமம் என்றால் இரண்டாம் முறை. கூடச் சொல்வது மற்றதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் நட்டம் தரும் என்றால் முதல் முறை. எங்களுக்கு நவம்பர் நட்டம்தான் பெரிது என்பதில் டீமேக்கருக்கும் எனக்கும் சந்தேகமில்லை. லொறிக்காரர் கணக்கைப் பார்ப்பவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் பக்கத்திலும் விஷயம் இருக்கிறது.

விறகு இந்த இரண்டிலும் சேராது. விறகுக்காரரிடம் ஆறு மாதத்துக்கு மொத்தமாகத்தான் பேசுகிறோம், மாதம் மாறினால் அடுக்கிய விறகு எங்கேயும் போய்விடாது, காய்ந்து இன்னும் நன்றாக எரியும். ஆகவே அங்கே தேவைப்படுவது ஆறு மாத மொத்தம் மட்டும். உண்மை 455, முதல் முறை 440, இரண்டாம் முறை 506. குறி போடாமல் பார்த்த கிலோக் கணக்கில் தோற்ற முதல் முறை இங்கே மிக நெருக்கமாக வந்து நிற்கிறது, ஏனென்றால் அதன் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. இரண்டாம் முறை மாதத்துக்குச் சராசரியாக 8.5 ஆயிரம் கிலோ மேலேயே சாய்ந்து நிற்கிறது. சாய்வைப் பார்க்க ABS போடாமல் சராசரி எடுத்தால் போதும், அதை ஒரு நிரலாக எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, இந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது. ஆறு மாதம் என்பது மிகக் குறைவு. நவம்பரை மட்டும் எடுத்துவிட்டுச் சராசரி தனிப்பிழையைப் போட்டால் முதல் முறைக்கு 9.6, இரண்டாம் முறைக்கு 10.8, வெற்றி கைமாறிவிடுகிறது. ஒரு மாதத்தை எடுத்தால் மாறிவிடும் தீர்ப்பைத் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சதவீதத்துக்கு ஆகஸ்டும் செப்டெம்பரும் என்றால் கிலோவுக்கு நவம்பர், ஒவ்வோர் அளவுக்கும் தன்னைத் தூக்கிப் பிடிக்க ஒரு மாதம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமாக எடுத்துவிட்டுப் பார்க்கும் இந்த வேலைக்கு அதிக நேரம் ஆகாது, அட்டவணையில் ஒரு வரியை வெட்டி ஒட்டினால் முடிந்தது, எந்த ஒப்பீட்டுக்கும் செய்யலாம்.

கூடவே ஓர் ஆசையும் வந்தது. வறண்ட மூன்று மாதத்துக்கு முதல் முறை, மழை மாதத்துக்கு இரண்டாம் முறை என்று கலந்தால் தவறல்கள் 2, 10, 15, 2, 3, 4 ஆகி, சராசரி தனிப்பிழை 6க்கு இறங்கிவிடுகிறது. காரணமும் சொல்லலாம்: செடி நன்றாக இருப்பதால் வரும் வளர்ச்சி மழை இருக்கும்போதுதான் கொழுந்தாகத் தெரியும், கச்சானில் தண்ணீர் இல்லாதபோது போன வருடத்தைவிடச் செடி நன்றாக இருந்து என்ன பிரயோசனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறையை விடைத்தாளைப் பார்த்த பிறகு கண்டுபிடித்தேன், அதனால் அந்த 6ஐ எந்தத் தாளிலும் எழுதவில்லை. அது இனி வரும் மாதங்களில் ஓடிக் காட்டட்டும்.

ஜனவரி முதல் ஜூன் வரைக்கான தாள் இப்போது மூன்று நிரலோடு கோப்பில் இருக்கிறது. முதல் முறை, இரண்டாம் முறை, கலந்த முறை. கலந்த முறையில் பெப்ரவரியும் மார்ச்சும் வறண்ட மாதம், மற்ற நாலும் பெருக்கும் எண்ணோடு. பெருக்கும் எண் ஒக்டோபர், நவம்பர், டிசம்பரிலிருந்து எடுத்தது: 342ஐ 300ஆல் வகுத்தால் 1.14. தாளின் அடியில் திகதி போட்டு, எந்த அளவால் தீர்ப்பு என்பதையும் இப்போதே எழுதி டீமேக்கரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்: மாடிக்குச் சராசரி தனிப்பிழையும் குறைத்துச் சொன்ன மொத்தமும், லொறிக்குக் கூடுதலாகச் சொன்ன மொத்தம், விறகுக்கு ஆறு மாதக் கூட்டுத்தொகை. மாதாமாதச் சதவீத நிரல் இந்தத் தாளில் இல்லை.